ஒழுகும் அறை, பாதியில் நின்ற மாடி வேலை: வீட்டு உரிமையாளருக்கு எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: சத்துவாச்சாரியில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000. போன அக்டோபர் 18 அன்று ஒரு பெட்ரூம் ஒழுக ஆரம்பித்தது, அன்றைக்கே ஓனருக்குப் போட்டோ அனுப்பினேன். காரை பெயர்ந்து கட்டில் மேல் விழுந்ததால் நவம்பர் 1 முதல் அந்த ரூமைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஹாலில் படுக்கிறோம். பொங்கல் முடிந்து ஜனவரி 20 அன்று ஆள் விட்டார். மாடியில் தட்டோட்டைப் பெயர்த்தார்கள், மேல் டேங்க் பைப்பைக் கழற்றினார்கள், ஐந்து நாளில் போய்விட்டார்கள். கீழே சம்ப் பக்கத்துக் குழாயில் பிடித்துத் தண்ணீர் தூக்குகிறோம். காட்பாடியில் இருக்கும் ஓனரிடம் போனில் கேட்டால் "பாத்துக்கலாம்" என்கிறார். மார்ச் பாதி ஆகிவிட்டது. ரிப்பேரும் கேட்டு வாடகையையும் குறைக்கச் சொல்லி லெட்டர் எழுதலாமா? அதுவரை வாடகை கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாமா?

பதில்:

வாடகையை நிறுத்தாதீர்கள். கடிதம் எழுதுங்கள், இந்த வாரமே எழுதுங்கள். வாடகை நிறுத்துவதுதான் ஓனரை அசைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை அவர் பக்கம் தள்ளிவிடும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, ஓனர் கேட்பு நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் நீங்கள் கட்டாவிட்டால், அதையே காரணமாக்கி வீட்டைக் காலி செய்யக் கேட்கலாம். அப்படி ஒரு மனு வந்துவிட்டால் ஒழுகும் கூரை இரண்டாவது பேச்சாகிவிடும், உங்கள் பாக்கிதான் முதல் பேச்சு. எனவே மார்ச் வாடகை 9,000ஐயும் முழுதாகவே அனுப்புங்கள். கையில் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, குறிப்பில் "மார்ச் வாடகை, ரிப்பேர் கோரிக்கைக்கு உட்பட்டு" என்று போடுங்கள். முழு வாடகை கொடுத்ததால் குறைவில்லை என்று ஒப்புக்கொண்டீர்கள் என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. ஒன்று ரிப்பேர், மற்றொன்று வாடகைக் குறைப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதுவதால்தான் பெரும்பாலான கடிதங்கள் தோற்கின்றன. "நீங்கள் ரிப்பேர் செய்யாததால் வாடகையைக் குறையுங்கள்" என்று எழுதினால், குறைப்பு ஓனருக்கான தண்டனை போலத் தெரியும். உடனே அவர் தன் மேல் தப்பில்லை என்று வாதாடத் தொடங்குவார்: "மழை விட்டாத்தானே மாடியில கை வைக்க முடியும், ஆள் கிடைக்கல, மேஸ்திரி ஏமாத்திட்டான்." அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடியில் தட்டோடு பதிக்க முடியாது என்பது சரிதான். ஆனால் அந்தப் பதில் முதல் கோரிக்கைக்கு மட்டும்தான் பொருந்தும். வாடகை என்பது நீங்கள் அனுபவிக்கும் இடத்துக்கான விலை. ஓர் அறை பூட்டிக் கிடந்தால், யார் மேல் தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த அறைக்கு விலை கொடுத்தும் அதை நீங்கள் பெறவில்லை. இப்படிப் பிரித்து எழுதினால் ஓனர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் இடம் இருக்கும், உங்கள் கணக்கும் நிற்கும்.

முதலில் ரிப்பேர் யாருடைய பொறுப்பு என்பதைத் தெளிவாக்குவோம். அதே சட்டத்தின் 15ஆம் பிரிவும் இரண்டாம் அட்டவணையும் வேலைகளைப் பிரித்துத் தந்திருக்கின்றன. கட்டுமானம் சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்ப் பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனருடையவை. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்ற அன்றாடச் சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையவை. உங்கள் கேஸில் கூரையும் டேங்க் பைப்பும் சந்தேகமே இல்லாமல் ஓனர் தலையில் வருகின்றன. அறையின் ஃபேன் பாயிண்ட்டில் ஈரம் இறங்கியிருந்தால் அந்த வயரிங்கும் அவருடையதே. இந்த மூன்றோடு நில்லுங்கள். "கிச்சன் குழாயும் சொட்டுகிறது, கதவுத் தாழ்ப்பாளும் சரியில்லை" என்று உங்கள் பொறுப்பில் வரும் ஒன்றைச் சேர்த்தால் முழுக் கடிதமும் நோஞ்சானாகிவிடும்.

ஓனர்கள் அடுத்து எடுக்கும் ஆயுதம் "நீங்க மாடியில துணி துவைச்சீங்க, தொட்டி வெச்சீங்க, அதான் ஒழுகுது" என்பது. இதற்குக் கூரையே பதில் சொல்லும். வேலூர்ப் பக்கத்தில் பழைய கான்கிரீட் வீடுகளின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குத் தளம் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். வருடக் கணக்கில் வெயில் தாங்கித் தட்டோட்டு இணைப்பில் இருக்கும் சிமெண்ட் விரியும். மழைத் தண்ணீர் அந்த விரிசல் வழியே ஜல்லித் தளத்துக்குள் போய்த் தேங்கிக்கொள்ளும். அதனால்தான் மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்தும் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே ஸ்லாப்பில் உள்ள கம்பி துருப்பிடித்துப் பருக்கும்போது அடியிலுள்ள காரையைப் பிளந்து தள்ளும். கட்டில் மேல் விழுந்தது அதுதான். பைப் கசிவாக இருந்தால் மழை இல்லாத நாளிலும் ஒழுகும். துணி துவைத்த தண்ணீர் என்றால் துவைத்த இடத்துக்கு அடியில் மட்டும் ஈரம் காணும், கம்பி துருப்பிடிக்கும் அளவுக்குப் போக ஒரு சீசன் போதாது. எனவே கடிதத்தில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, அறிகுறியை எழுதுங்கள்: "மழை நின்று இரண்டு நாள் வரை சொட்டியது, காரை விழுந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிகிறது." அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது.

வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சித்திரை வெயிலில் ஈரம் தானாகவே காய்ந்துவிடும். அப்போது ஒரு பெயிண்டரை விட்டு உள்ளே பட்டி பார்த்து வெள்ளையடித்துவிட்டால் அறை புதிதுபோல் இருக்கும், நீங்களும் சரியாகிவிட்டது என்று நம்புவீர்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் மஞ்சள் கறை வரும். எனவே முதலில் மாடி, அடுத்து ஸ்லாப்பின் அடிப்பாகம், அதன் பிறகு வயரிங், கடைசியில்தான் வெள்ளையடிப்பு. ஸ்லாப்பில் தளர்ந்த காரையை எல்லாம் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே பூச வேண்டும். துருவின் மேலேயே சிமெண்ட் பூசினால் ஒரு வருடத்தில் மீண்டும் விழும்.

மாடி வேலை முடிந்ததும் தண்ணீர் கட்டிப் பார்க்கக் கேளுங்கள். மழைத் தண்ணீர் போகும் வாயை அடைத்து, சரிவில் மேடாக உள்ள இடத்திலும் ஓர் அங்குலமாவது நிற்கும்படி நிரப்பி, 24 மணி நேரம் விட்டு, கீழே கூரையைப் பார்ப்பது. வெயில் காலத்தில் வேலை நடந்தால் அதைச் சோதிக்க இதைத் தவிர வழி இல்லை. இன்னொன்று, வேலூர் வெயிலில் தட்டோட்டு இணைப்புக்குப் போட்ட சிமெண்டைக் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைக்காவிட்டால் மயிரிழை விரிசல் விட்டுவிடும். மாடிக்குத் தண்ணீர் ஏறினால்தான் நனைக்க முடியும் என்பதால், டேங்க் பைப்பைச் சேர்க்கும் வேலை வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும்.

இப்போது பணக் கணக்கு. "நியாயமாகக் குறைத்துக்கொடுங்கள்" என்று எழுதினால் ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்டு நியாயம் செய்துவிட்டதாகச் சொல்வார். "பாதி வாடகைதான் தருவேன்" என்றால் எங்கிருந்து வந்தது பாதி என்று கேட்பார். தொகை எப்படி வந்தது என்பது கடிதத்தைப் படிப்பவருக்குப் புரிய வேண்டும். அறைக்கு நான் சொல்லும் வழி, டேப் வைத்து உள்ளளவு எடுப்பது. ஹால், கிச்சன், பெட்ரூம்களில் எது உயர்ந்தது என்ற விவாதத்துக்கு முடிவில்லை, சதுர அடியை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

உங்கள் வீடு மாதிரி ஒரு வீட்டுக்கு உத்தேச அளவு வைத்துப் பார்ப்போம். ஹால் 10க்கு 14, அதாவது 140 சதுர அடி. கிச்சன் 8க்கு 9, 72. முதல் பெட்ரூம் 10க்கு 12, 120. ஒழுகும் பெட்ரூம் 10க்கு 11, 110. பாத்ரூம், கழிப்பறை சேர்ந்து 6க்கு 7, 42. மொத்தம் 484 சதுர அடி. 9,000 ரூபாயில் 110 சதுர அடியின் பங்கு 2,045. மாதம் 2,000 என்று கேளுங்கள். சில்லறையைக் கீழ்நோக்கி விட்டுக்கொடுப்பது கணக்கு போட்டவர் நேர்மையானவர் என்று காட்டும். உங்கள் வீட்டு அளவு வேறாக இருக்கும், அதைப் போட்டு மறுபடி பெருக்கிக்கொள்ளுங்கள்.

எந்தத் தேதியிலிருந்து என்பதும் முக்கியம். ஒழுகத் தொடங்கிய அக்டோபர் 18 வேண்டாம், அறையைப் பூட்டிய நவம்பர் 1ஐ எடுங்கள். இடம் கைவிட்டுப் போன நாள் அதுதான், ஓனருக்கு அதற்கு இரண்டு வாரம் முன்பே தகவலும் போய்விட்டது. மார்ச் 15 வரை நாலரை மாதம், 2,000 வீதம் 9,000 ரூபாய். இங்கே ஒரு கேள்வி வரும்: "மாசி மாசம் மழையே இல்லையே, அறையை உபயோகிச்சிருக்கலாமே?" காரை விழும் அறையில் படுக்க முடியாது என்பதும், மேலே தட்டோடு பெயர்த்துப் போட்டிருப்பதும் உங்கள் பதில். ஆனால் அந்த மாதங்களில் அங்கே துணி காயப்போட்டு, பீரோ வைத்து ஓரளவு பயன்படுத்தியிருந்தால் அந்தக் காலத்துக்குப் பாதி மட்டும் கேளுங்கள். ஓனர் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்து நீங்கள் எழுதியதற்கு மாறாக ஒன்றைக் கண்டால், மீதி எழுதியதையும் நம்ப மாட்டார்.

மேல் டேங்க் தண்ணீர் இல்லாததற்குச் சதுர அடிக் கணக்கு உதவாது. கேன் தண்ணீர், லாரித் தண்ணீர் வாங்கிய ரசீது இருந்தால் அந்தத் தொகையைக் கேளுங்கள். நீங்கள் கீழேயிருந்து தூக்குவதால் ரசீது இருக்காது. வாடகையில் பத்தில் ஒரு பங்கு, மாதம் 900, நாளுக்கு 30 என்று வைக்கலாம். இது அளந்து வந்த தொகை அல்ல, பேசித் தீர்க்க வேண்டிய தொகை. அதனால்தான் சிறிதாக வைக்கச் சொல்கிறேன். ஜனவரி 20 முதல் மார்ச் 15 வரை 55 நாள், 1,650 ரூபாய். இரண்டும் சேர்ந்து 10,650.

இதை ஒரே தடவையாகத் திருப்பிக் கேட்காதீர்கள். கையிலிருந்து பணம் எடுத்துக் கொடு என்றால் எந்த ஓனருக்கும் மனம் வராது. ஐந்து மாத வாடகையில் மாதம் 2,130 வீதம் கழித்துக்கொள்ள ஒப்புதல் கேளுங்கள். அட்வான்ஸில் ஏற்றக் கேட்பதும் வேண்டாம். அட்வான்ஸ் பேச்சு எடுத்தாலே காலி செய்யப் போகிறீர்கள் என்று பொருள் ஆகிவிடும்.

இனி கடிதம். உங்கள் தேதிகளையும் மேலே போட்ட உத்தேச அளவையும் வைத்து எழுதியிருக்கிறேன்.

அனுப்புநர்: (உங்கள் பெயர், கதவு எண், தெரு, சத்துவாச்சாரி, வேலூர்)
பெறுநர்: (வீட்டு உரிமையாளர் பெயர், முகவரி, காட்பாடி)
நாள்: 15.03.2026

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: மேற்படி வீட்டின் முதல் மாடியில் நிலுவையில் உள்ள ரிப்பேர் வேலைகளும் வாடகைக் குறைப்பும் குறித்து.

மேற்படி வீட்டில் மாத வாடகை ரூ. 9,000க்குக் குடியிருந்து வருகிறோம். மார்ச் 2026 வரை வாடகை பாக்கி இல்லை.

18.10.2025 அன்று பின்பக்கப் படுக்கையறையின் கூரை ஒழுகியதைத் தங்களுக்குப் போனில் சொல்லி, அன்றே வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பினேன். மழை நின்ற பிறகும் இரண்டு நாள் வரை சொட்டியது. காரை பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. ஃபேன் மாட்டும் இடத்தில் ஈரம் உள்ளது. ஆபத்து கருதி 01.11.2025 முதல் அந்த அறையைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

20.01.2026 அன்று தாங்கள் அனுப்பிய ஆட்கள் மாடியில் தட்டோட்டைப் பெயர்த்து, மேல் டேங்க் பைப் இணைப்பையும் கழற்றினார்கள். ஐந்து நாளுக்குப் பின் வேலை நடக்கவில்லை. 20.01.2026 முதல் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை.

கீழ்க்கண்ட வேலைகளை இந்த வரிசையில் முடித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
1. மேல் டேங்க் பைப் இணைப்பு, 22.03.2026க்குள்.
2. மாடித் தளமும் தட்டோடும். 30.03.2026க்குள் தொடங்கி, முடிந்ததும் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதித்தல்.
3. அறைக் கூரையில் தளர்ந்த காரையை எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து பூசுதல், ஃபேன் வயரிங்கை எலக்ட்ரீஷியன் வைத்துச் சோதித்தல், பின்னர் வெள்ளையடித்தல். எல்லாம் 15.05.2026க்குள்.

அறையையும் தண்ணீரையும் பயன்படுத்த முடியாத காலத்துக்கு வாடகையைக் குறைத்துத் தரவும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டின் உள்ளளவு 484 சதுர அடி, அந்த அறை 110 சதுர அடி. அதன் பங்கு மாதம் ரூ. 2,000 வீதம் 01.11.2025 முதல் 15.03.2026 வரை ரூ. 9,000. தண்ணீருக்கு நாளொன்றுக்கு ரூ. 30 வீதம் 55 நாளுக்கு ரூ. 1,650. மொத்தம் ரூ. 10,650. இதை ஏப்ரல் வாடகை முதல் ஐந்து மாதங்களுக்கு மாதம் ரூ. 2,130 வீதம் கழித்துக்கொள்ளத் தங்கள் ஒப்புதலை வேண்டுகிறேன். 16.03.2026 முதல் டேங்க் இணைப்பு சரியாகும் வரை நாளொன்றுக்கு ரூ. 30ம், அறை சரியாகும் வரை மாதம் ரூ. 2,000ம் வாடகையில் குறைக்கவும் வேண்டுகிறேன்.

தங்கள் ஒப்புதல் கிடைக்கும் வரை முழு வாடகையையும் இந்தக் கோரிக்கைக்கு உட்பட்டுச் செலுத்துவேன். வேலையாட்கள் வரும் நாளை ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் வீட்டைத் திறந்து வைத்திருப்போம். வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யவும் தயாராக உள்ளேன். 22.03.2026க்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
இணைப்பு: தேதியுடன் கூடிய படங்கள் 6, வாட்ஸ்அப் செய்திகளின் நகல்.

கடிதம் இவ்வளவுதான். இதில் "சட்டப்படி நடவடிக்கை" என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதியும் தொகையும் கெடுவும் எழுத்தில் இருக்கும்போது அந்த மிரட்டல் தேவையில்லை. முதல் கடிதத்திலேயே மிரட்டினால் ஓனர் கொத்தனாரைக் கூப்பிடுவதற்குப் பதில் வக்கீலைக் கூப்பிடுவார். வேலையாட்களுக்கு வீட்டைத் திறந்து தருவதாக எழுதியதற்கும் காரணம் உண்டு. "போனா வீட்டைப் பூட்டிட்டுப் போயிடறாங்க" என்பது வழக்கமாக வரும் பதில்.

ஒப்பந்தப் பதிவு பற்றிய வரியை எடுத்துவிடாதீர்கள். வேலூரில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் பத்திரத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதி நோட்டரி கையெழுத்தோடு நின்றுவிடுகின்றன. இந்தச் சட்டத்தில் பதினோரு மாதம் என்ற விலக்கு கிடையாது, எல்லா ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அதற்கான தளம் tenancy.tn.gov.in. பதிவில்லாத ஒப்பந்தத்தோடு போனால், பின்னால் அந்த அதிகாரியிடம் நீங்கள் கொடுக்கும் மனுவே சிக்கலுக்கு உள்ளாகும். அதைவிட, ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாக்கி ஓனர் காலி செய்யக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் தயாராக இருந்தீர்கள் என்பதற்கு அந்த ஒரு வரி எழுத்துச் சாட்சி.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, நேரில் போய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து கேளுங்கள். ஐயாவோ வீட்டு அம்மாவோ யார் வாங்கினாலும் சரி. கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை வேண்டாம், அன்றே தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் அனுப்புங்கள். அக்டோபர் 18 செய்தியை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள், போன் மாற்றினால் முதலில் அதை எடுத்து வையுங்கள். இந்தக் கேஸில் மிக விலையுயர்ந்த காகிதம் அதுதான்.

பெரும்பாலும் ஓனர் பேச வருவார். முழுத் தொகைக்கும் ஒப்ப மாட்டார், பேரம் நடக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். என் கருத்தில் பழைய 10,650இல் கொஞ்சம் விடலாம், தண்ணீருக்கான 1,650ஐ முழுதாகவே விடலாம். வேலை முடியும் வரை மாதம் 2,000 குறைப்பு என்பதை மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் அவருக்குச் செலவு வைப்பதும், வேலையைச் சீக்கிரம் முடிக்க வைப்பதும் அந்த ஒரு வரிதான். பழைய தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு இதை விட்டுவிட்டால், அடுத்த ஐப்பசியிலும் ஹாலில்தான் படுப்பீர்கள். பேசி முடித்ததை அதே கடிதத்தின் பின்புறம் மூன்று வரியில் எழுதி இருவரும் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே குறைத்த வாடகையை அனுப்பத் தொடங்குங்கள்.

மார்ச் 22 தாண்டியும் பதில் இல்லையென்றால் டேங்க் பைப் வேலையை நீங்களே செய்துகொள்ளலாம். ஓனர் ரிப்பேர் செய்ய மறுத்தால் குடியிருப்பவர் செய்து வாடகையில் கழித்துக்கொள்ள 15ஆம் பிரிவு அனுமதிக்கிறது, ஆனால் ஒரு மாதத்தில் கழிப்பது வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 4,500. பிளம்பர் எழுத்தில் 2,800 ரூபாய் மதிப்பீடு கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஓனருக்கு அனுப்பி, இன்ன தேதியில் செய்யப் போகிறேன் என்று தெரிவித்து, இரண்டு மூன்று நாள் பொறுத்து, வேலையை முடித்து, பில்லோடு ஒரே மாதத்தில் கழித்துவிடலாம். அவர் வாய் திறக்காமல் இருப்பதும் மறுப்புதான் என்று காட்டக் கெடு வைத்த கடிதம் கையில் இருக்க வேண்டும், அதனால்தான் அதில் தேதி போட்டோம். மாடி வேலையை இந்த வழியில் செய்யாதீர்கள். செலவு பெரிது, மாதம் 4,500 வீதம் கழித்து மீளப் பல மாதம் ஆகும். மறுபடி ஒழுகினால் "நீ வெச்ச ஆள் செஞ்சது" என்று பழியும் உங்கள் மேல் விழும்.

மாடிக்கும் குறைப்புக்கும் வாடகை அதிகாரியிடம் போக வேண்டியதுதான். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவரை மாவட்ட ஆட்சியர் இந்தப் பொறுப்பில் நியமித்திருப்பார். வேலூரில் யார் என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வாடகைத் தகராறில் தொகையையும், அது எந்தத் தேதியிலிருந்து என்பதையும் நிர்ணயிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. தண்ணீர் விநியோகத்தை ஓனர் துண்டித்து வைத்திருப்பது 20ஆம் பிரிவில் தனியாக வருகிறது, அதற்கு இடைக்கால உத்தரவும் கேட்கலாம். எனவே தண்ணீரை மனுவில் முதல் பத்தியில் வையுங்கள். இதைப் படிக்கும் ஆற்காடு, வாலாஜா பக்கத்தவர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு வேலூரில் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வீடு குடியிருக்கவே தகுதியில்லாத நிலைக்குப் போய், எழுத்தில் கேட்டும் ஓனர் ரிப்பேர் செய்யவில்லை என்றால், 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறும் உரிமையும் இருக்கிறது. உங்கள் வீடு இப்போது அந்த நிலையில் இல்லை, ஓர் அறைதான் போயிருக்கிறது. ஆனால் காரை விழுவது ஹால் கூரைக்கும் பரவினால் காத்திருக்க வேண்டாம். ஹால் கூரையை ஒரு குச்சியால் இலேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் கவலையில்லை. உள்ளே காலியாக இருப்பதுபோல் கேட்கும் இடத்துக்கு அடியில் பாயை விரிக்காதீர்கள். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படமெடுத்து, கடிதத்தின் இணைப்பில் ஏழாவது படமாகச் சேருங்கள்.